பைனான்ஸ் ஏலமா, காவல்துறை ஏலமா: கோத்தகிரியில் ஒரு பிக்கப் வண்டிக்கு இருந்த வழிகள்

கோத்தகிரியில் இருக்கும் என் சித்தப்பா மகன், கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவதற்காகப் பழைய பிக்கப் வண்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரே வாரத்தில் இரண்டு ஏல அறிவிப்புகள் கண்ணில் பட்டன. ஒன்று, தவணை கட்டாததால் ஒரு நிதி நிறுவனம் பறிமுதல் செய்து கோவை யார்டில் நிறுத்தியிருந்த 2019ஆம் ஆண்டு வண்டி. பதிவு எண் நம் மாவட்டத்து டிஎன் 43. மற்றொன்று, மதுவிலக்கு வழக்கில் பிடிபட்டுக் காவல்துறை ஏலத்துக்கு வந்த, கேரளப் பதிவெண் கொண்ட வண்டி. முதலாவதன் தொடக்க விலை 3,25,000 ரூபாய், இரண்டாவதன் தொடக்க விலை 1,80,000 ரூபாய். இந்த இடைவெளியைக் கண்டு அவர் மனம் காவல்துறை ஏலத்தின் பக்கம் சாய்ந்தது இயல்புதான். ஆனால் அந்த இரண்டு விலைகளும் இரும்புக்கு மட்டுமே உரியவை. உரிமைக்கு உரிய விலை அறிவிப்பில் அச்சாவதில்லை.

பைனான்ஸ் ஏலத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஆர்.சி. இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதே. கடன் வாங்கியவர் ஆர்.சி.யை ஒப்படைக்க மறுத்தாலோ தலைமறைவானாலோ, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 51ஆம் பிரிவின்படி, நிதி நிறுவனம் படிவம் 36இல் விண்ணப்பித்து, பதிவு அலுவலர் பழைய உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி வாய்ப்பு அளித்த பிறகு, தன் பெயரிலேயே புதிய ஆர்.சி. பெற்றுக்கொள்ளலாம். அப்படிப் பெற்ற வண்டியில் கையெழுத்துப் போட வேண்டியவர் விற்பவர் மட்டுமே என்பதால், வாங்குபவருக்குத் தலைவலி குறைவு.

எங்கள் கோவை வண்டி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆர்.சி. இன்னும் பழைய கடன்தாரர் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றத்துக்காக அவர் முன்பே கையெழுத்திட்ட படிவம் 29, 30 ஆகியவையும், அடமானக் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் தரப்படும் என்று யார்டு ஊழியர் சொன்னார். கடன் கொடுக்கும் நாளிலேயே வெற்றுப் படிவங்களில் வாங்கி வைத்த கையெழுத்துகள் இவை என்றால், பிற்பாடு கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றோ, உரிமையாளர் காலமாகிவிட்டார் என்றோ பெயர் மாற்றம் நின்றுபோக வாய்ப்பு உண்டு. ஆகவே அந்தப் படிவங்களின் நகலைப் பணம் கட்டுவதற்கு முன்பே காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். காட்ட மறுத்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அன்று இரவே பரிவாகன் தளத்தில் அந்தப் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தோம். அடமானம் பதிவாகியிருந்த நிறுவனத்தின் பெயரும் ஏலம் விடும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இருந்தன. கடன் கணக்குகள் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுவது உண்டு. பெயர்கள் வேறுபட்டால், திரையில் உள்ள பழைய நிறுவனம் படிவம் 35இல் கையெழுத்திடும் வரை வண்டி உங்களுடையதாகாது. தடைப்பட்டியல் நிலை சுத்தமாக இருந்தது. எப்.சி. காலாவதியாகியிருந்தது, மூன்று காலாண்டு வரி கட்டப்படவில்லை, echallan.parivahan.gov.in தளத்தில் பதினொரு அபராதங்கள் நிலுவையில் நின்றன. 'உள்ளது உள்ளபடி' என்று ஏல விதிகளில் எழுதியிருப்பதன் பொருள், இவை அனைத்தும் வாங்குபவர் தலையில் என்பதே. எல்லாம் சேர்த்து 29,000 ரூபாய் வந்தது.

மறுநாள் யார்டுக்குப் போனோம். எஞ்சின் ஓசையைவிட சாசி எண்ணில்தான் நேரம் கழிந்தது. மலையின் பனியிலும் ஈரத்திலும் ஓடிய வண்டிகளில் அந்த இரும்புச் சட்டத்தின் மீது துரு ஏறி எழுத்துகளைத் தின்றிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துத் தாளை வைத்து பென்சிலால் உரசிப் பார்த்தபோது எல்லா எழுத்துகளும் விழுந்தன. கடைசி ஓரிரு இலக்கங்கள் தாளில் விழாமல் போயிருந்தால், பெயர் மாற்றத்துக்கு வண்டியைக் காட்டும் நாளில் வீண் அலைச்சல்தான்.

காவல்துறை ஏலத்துக்கு வந்த வண்டி வேறு கதை. அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுப்பவர், வண்டியைக் கைப்பற்றிய 30 நாட்களுக்குள் படிவம் 32இல் விண்ணப்பிக்க வேண்டும். அதனுடன் விற்பனையை உறுதி செய்யும் ஆணையும், ஏலத்துக்கு அரசு அனுமதி அளித்த ஆணையின் சான்றிட்ட நகலும் இணைக்க வேண்டும். பழைய உரிமையாளரின் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது இந்த வழியின் உண்மையான வலிமை. ஆணைகள் ஒழுங்காக இருந்தால் பைனான்ஸ் ஏலத்தைவிட இதுவே தெளிவான உரிமை என்றுகூடச் சொல்வேன். வண்டியில் இருந்த பதிவெண் போலி என்று தெரிந்தாலும், ஏலம் விட்ட துறையின் பெயரில் புதிய எண் வழங்கி, பிறகு வாங்கியவர் பெயருக்கு மாற்ற விதியில் வழி இருக்கிறது.

எங்களுக்கு இடறியது கேரள எண். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வயநாட்டு வண்டிகளும் கர்நாடக வண்டிகளும் ஓடுவதால், இப்படிப்பட்டவை நம் மாவட்ட ஏலத்துக்கு வருவது வியப்பில்லை. அதைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற, முதலில் பதிவு செய்த அலுவலகத்திலிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று வேண்டும்; அங்கே வரி நிலுவை இருந்தால் அதைத் தீர்க்காமல் சான்று வராது, அதன்பின் இங்கே புதிதாக வரி கட்ட வேண்டும். அந்த வண்டி இரண்டு பருவமழையைத் திறந்தவெளியில் நின்றே பார்த்திருந்தது. ஏலம் 2,10,000 ரூபாயில் முடியும் என்று வைத்துக் கணக்குப் போட்டோம்: அறிவிப்பில் இருந்தபடி 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 37,800, டயர், பேட்டரி, பிரேக் வேலைக்கு மெக்கானிக் சொன்ன தொகை 62,000, இழுவை வண்டிக்கு 6,000. ஆக 3,15,800 ரூபாய், அதற்கு மேல் இரு மாநில வரியும், சான்று வரும் வரை வண்டி ஓடாமல் நிற்கும் மாதங்களும். டிஎன் 43 எண்ணும், அடமானம் இல்லாத ஆர்.சி.யும் இருந்திருந்தால் நான் இதற்கே வாக்களித்திருப்பேன்.

15 ஆண்டைக் கடந்த அரசுத் துறை ஜீப்புகளும் ஏலத்தில் தென்படும் என்று அவர் கேட்டிருந்தார். 2023 ஏப்ரல் 1 முதல் அத்தகைய அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை என்பதால், அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டோம்.

பைனான்ஸ் வண்டிக்கு உச்சவரம்பு குறித்தோம். அதே ஆண்டு, அதே மாடல் வண்டி வெளியே 4,10,000 ரூபாய்க்குப் போகிறது. அதிலிருந்து நிலுவை 29,000, கிளட்ச், டயர் வேலை 35,000 கழித்தால் 3,46,000. ஏலத்தொகையில் ஜி.எஸ்.டி. அடக்கமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, அடக்கம் என்று பதில் வாங்கிக்கொண்டதால் அந்தத் தொகையில் மாற்றம் இல்லை. 'அண்ணா, இன்னும் ஐந்தாயிரம் ஏத்தலாமா?' என்று ஏலத்தின் நடுவே போனில் கேட்டார். கடன்தாரரின் கையெழுத்துப் படிவங்களை அந்த நிமிடம் வரை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை என்பதை நினைவூட்டினேன். வண்டி 3,52,000 ரூபாய்க்கு வேறொருவருக்குப் போனது, முன்பணம் திரும்பியது.

அடுத்த மாதம் அதே யார்டில் ஆர்.சி. ஏற்கெனவே நிதி நிறுவனத்தின் பெயருக்கு மாறியிருந்த வண்டி ஒன்று வந்தது. 3,68,000 ரூபாய்க்கு எடுத்தார். விற்பனைச் சான்று, ஆர்.சி., சாசி எண்ணின் பென்சில் அச்சு ஆகியவற்றைச் சரிபார்த்து, தன் பெயரில் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்த பிறகே மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏற்றினார்.