“ஹலோ”வா, “சொல்லுங்க”வா, “வணக்கம், இன்ன அச்சகம்”மா?

ஈரோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகம் எங்களுடையது. தை, ஆவணி நெருங்கினால் போன் ஓயாது. எடுத்ததும் என்ன சொல்வது என்று நாங்களே மூன்று நான்கு விதமாக மாற்றிப் பார்த்துவிட்டோம். இப்போது நிலைத்திருப்பது “வணக்கமுங்க, இன்ன அச்சகம், நான் இன்னார் பேசறேன்” என்பதுதான். என் ஓட்டு அதற்கே.

“ஹலோ”வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லைன் கிடைத்துவிட்டது என்பதைத் தவிர அதில் வேறு தகவல் இல்லை. கூப்பிட்டவர் “அச்சகமுங்களா?” என்று கேட்க வேண்டும், நாம் ஆமாம் என்க வேண்டும். “சொல்லுங்க” பழகியவருக்கு இதம். புதியவருக்கு, எங்கே வந்து சேர்ந்தோம் என்று தெரியாமலே கதையைத் தொடங்கச் சொல்வது போல இருக்கும். ஒருவர் நேரில் வந்து, “நேத்து போன் போட்டேன், யாரோ வீட்டு ஆள் எடுத்த மாதிரி இருந்துச்சு, வெச்சுட்டேன்” என்றார். எடுத்தது நான்தான்.

அடுத்து, பெரிய கம்பெனி பாணி: வணக்கம், வரவேற்பு, கடைப் பெயர், என் பெயர், “உங்களுக்கு எப்படி உதவலாம்” எல்லாம் ஒரே மூச்சில். காலையில் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் அதே வரியைச் சொல்லும்போது கடைப் பெயரும் ஆள் பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். கேட்பவர் “என்னங்க?” என்பார். மறுபடி முதலிலிருந்து.

சரி, கடைப் பெயரை மட்டும் முதலில் சொன்னால் என்ன? சுருக்கம், தெளிவு. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. சில வாரம் அப்படியே எடுத்தோம். அப்போதும் “இது அச்சகம்தானுங்களே?” என்ற கேள்வி நிற்கவில்லை. ஏன் என்று பார்க்கக் கல்லாவில் இருந்த பையனைக் கடைக்குக் கூப்பிடச் சொல்லி, அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு போனில் பதிவு செய்தோம். பதிவில் கடைப் பெயரின் முன்பாதியே இல்லை. “…அச்சகம்” மட்டும் இருந்தது.

காரணம் இரண்டு பக்கமும் உண்டு. நான் பச்சைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டே பேசத் தொடங்கியிருந்தேன். போன் காதுக்கும் வாய்க்கும் வந்து சேரும் முன்பே முதல் சொல் போய்விட்டது. புளூடூத் இயர்போன் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். அதன் மைக் விழித்துக்கொள்ளவே ஒரு கணம் ஆகும். அந்தப் பக்கம் கூப்பிடுபவரோ மணி போகட்டும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குரல் கேட்ட பிறகுதான் காதில் வைப்பார். ஆக, முதல் சொல் எப்படியும் பாதி பலி.

அதனால் போனாலும் பரவாயில்லை என்கிற சொல்லை முதலில் வைக்க வேண்டும். “வணக்கமுங்க” அதற்கு அளவெடுத்துத் தைத்த சொல். முன்பாதி அறுந்து “…க்கமுங்க” என்று கேட்டாலும் மரியாதை போய்ச் சேர்ந்துவிடும். அதற்குள் காது தயாராகிவிடும். பிறகு வரும் கடைப் பெயர் முழுசாக விழும். எங்கள் பெயரில் இனிஷியல் வேறு உண்டு. “எஸ்”ஸும் “எஃப்”பும் போனில் ஒன்று போலவே கேட்கும். அந்த உரசல் ஒலியின் பெரும்பகுதி, பழைய வகை அழைப்புகளில் வரும் 3400 ஹெர்ட்ஸ் எல்லைக்கு மேலே இருப்பதுதான் காரணம். ஆகவே இனிஷியலைப் போனில் விட்டுவிட்டோம். பெயருக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் ஆள் பெயர். ஆள் பெயர் கடைசியில் இருப்பதால் மனதில் நிற்கிறது. அடுத்த முறை “அன்னைக்கு நீங்கதானே பேசினீங்க, புரூஃப்ல மாப்பிள்ளை பேரை மாத்தச் சொன்னேனே” என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். பேசியவருக்கும் தப்பிக்க வழியில்லை.

ஒரே நிபந்தனை: எடுத்ததும் மூச்சை ஒரு முறை இழுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் அவர் “ஹலோ ஹலோ” என்பார், இரண்டு குரலும் மோதிக்கொள்ளும். மெஷின் ஓடும்போது போனோடு வாசலுக்கு வந்துவிடுவது நல்லது.

ஆஸ்பத்திரி வரவேற்பு, பல பிரிவுள்ள அலுவலகம் போன்ற இடங்களில் நான் உட்கார்ந்ததில்லை. அங்கே ஆள் பெயரைவிடப் பிரிவின் பெயர் முக்கியமாக இருக்கலாம். எங்கள் கடையிலேயே பேப்பர் கடைக்காரர் நம்பர் திரையில் வந்தால் வீட்டுக்காரர் இன்னும் “சொல்லுங்கண்ணா” என்றுதான் எடுக்கிறார். அதை நான் மாற்றச் சொல்லவில்லை.