லாப மரமா, ஐந்து விசைகளா? ஒரு நெல் ஆலையின் கேள்வியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனை அளவு குறையவில்லை, ஆனால் லாபம் குறைந்துவிட்டது. ஏன் என்று முதலாளி கேட்கிறார். எம்.பி.ஏ. வகுப்பில் இந்தக் கேஸைப் பெறும் மாணவர்களில் பலர் உடனே ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் முன்வைத்த ஐந்து விசைகளை, அதாவது தொழிலுக்குள் உள்ள போட்டி, புதிதாக நுழைபவர்கள், மாற்றுப் பொருள்கள், வாங்குபவர்களின் பேரவலிமை, சரக்கு தருபவர்களின் பேரவலிமை ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் வருவாய், செலவு எனக் கிளை பிரித்துப் போகும் லாப மரத்தை வரைகிறார்கள். இரண்டும் மதிப்புள்ள சட்டகங்களே. எனினும் இந்தக் கேள்விக்கு ஒன்றுதான் பொருந்தும், அது எது என்பதை ஆய்வைத் தொடங்கும் முன்பே கண்டுகொள்ள முடியும்.

ஐந்து விசைகள் ஒரு தொழிலில் உள்ள எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான லாபச் சூழலை விளக்குவதற்காக உருவானவை. நெல்லுக்கு அரசு அறிவிக்கும் ஆதரவு விலை, நேரடி கொள்முதல் நிலையங்கள், விலையைப் பேரம் பேசும் மொத்த வியாபாரிகள், ரேஷன் கடையில் கிடைக்கும் விலையில்லா அரிசி ஆகிய அனைத்தும் இந்த ஆலையை அழுத்துவதைப் போலவே பக்கத்து ஆலையையும் அழுத்துகின்றன. ஆகவே மாணவர் முதலில் கேட்க வேண்டியது, அக்கம்பக்க ஆலைகளின் லாபமும் குறைந்ததா என்பதுதான். அவையும் குறைந்திருந்தால் காரணம் தொழிலில் இருக்க வாய்ப்புண்டு, ஐந்து விசைகள் பயன்படும். இந்த ஆலை மட்டும் சரிந்திருந்தால், எல்லோருக்கும் பொதுவான ஒன்றை வைத்து ஒருவருடைய சரிவை விளக்க முடியாது. எத்தனை பக்கம் எழுதினாலும் அவை உண்மையான, ஆனால் கேள்வியைத் தொடாத வாக்கியங்களாகவே இருக்கும்.

பக்கத்து ஆலைகள் சரியவில்லை என்று கேஸ் சொல்வதாகக் கொண்டு, லாப மரத்தைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்கின் எளிமைக்காக நான் வைத்தவை. சென்ற ஆண்டு 100 கிலோ நெல்லில் 62 கிலோ முழு அரிசியும் 5 கிலோ நொய்யும் கிடைத்தன. இந்த ஆண்டு முழு அரிசி 58 கிலோ, நொய் 9 கிலோ. முழு அரிசி கிலோ 45 ரூபாய்க்கும் நொய் 25 ரூபாய்க்கும் விற்கின்றன. நெல் விலை, அரவைச் செலவு, தவிட்டு வருமானம் ஆகியவற்றில் மாற்றமில்லை. மொத்த எடை இரு ஆண்டும் 67 கிலோ என்பதால், விற்பனையை எடையில் மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் 4 கிலோ அரிசி உடைந்து நொய்யானதால், கிலோவுக்கு 20 ரூபாய் வீதம் 80 ரூபாய் போய்விட்டது. அளவு, விலை, செலவு ஆகிய கிளைகள் அசையாமல் நிற்க, விளைபொருளின் கலவை என்ற ஒரே கிளையில் முழுச் சரிவும் அடங்குகிறது.

லாப மரம் இங்கேயே நின்றுவிடும். பணம் எங்கே போனது என்று காட்டுமே தவிர, ஏன் போனது என்று சொல்லாது. அதற்கு ஆலையின் வேலைப் படிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். டிரையருக்கு முன்னும் பின்னும் நெல்லைக் கையால் உரித்துப் பார்த்தால், டிரையருக்குப் பின் மணியில் விரிசல் தெரிகிறதா என்பது புலப்படும். தெரிந்தால், அவித்த நெல்லை இடையில் ஆறப்போடாமல் ஒரே மூச்சில் காயவைத்தார்களா என்று விசாரிக்கலாம். விரிசல் இல்லாமல், உமி நீக்கும்போதோ பாலிஷ் போடும்போதோ உடைகிறதென்றால், பழுது இயந்திரத்தில் இருக்கக்கூடும். (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற நான்கு கட்டம் இதற்கு உதவாது, தெரிந்ததை அடுக்கி வைக்குமே அன்றி, தெரியாததைத் தேடித் தராது.)

லாப மரத்துக்கும் எல்லை உண்டு. அரசின் நெல்லை அரைத்துத் தரும் ஆலையில், அரவைக் கூலியும் திருப்பித் தர வேண்டிய அரிசியின் அளவும் முன்பே வரையறுக்கப்பட்டவை என்பதால், அந்தப் பங்குக்கு விலை என்ற கிளையே கிடையாது. அந்த வேலையையும் சொந்த வியாபாரத்தையும் ஒரே கணக்கில் எழுதும் ஆலையில், முதலில் இரண்டையும் பிரித்தாக வேண்டும்; இல்லையேல் மரம் தவறான கிளையைக் காட்டும்.

இதே முதலாளி, சொந்தப் பெயரில் பாக்கெட் அரிசி போட்டுத் திருச்சியில் விற்கலாமா என்று கேட்டால், தேர்வு தலைகீழாகும். அந்த வியாபாரத்துக்குப் பழைய கணக்கு இல்லாததால், மரத்தின் கிளைகளில் எழுதுவதெல்லாம் ஊகமே. முன்பே வேரூன்றிய பிராண்டுகள், கூடுதல் கமிஷனும் கடனும் கேட்கும் கடைக்காரர்கள், எவரும் எளிதில் பை அச்சடித்து நுழைந்துவிடக்கூடிய நிலை ஆகியவற்றை அளக்க ஐந்து விசைகளே ஏற்றவை. சந்தையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு மிஞ்ச இடமுண்டு என்பது அதில் ஓரளவு தெளிந்த பிறகுதான் லாப மரத்தில் எண்களை எழுத வேண்டும்.