மசாலா மெஷின் பழையதா, புதியதா? நாலு வருட வரவை இன்றைய வெள்ளியில் பார்த்தால்

பட்டர்வொர்த்தில் மிளகாய், மல்லி, மசாலா அரைத்து விற்கும் என் மச்சான், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இரண்டு மெஷின்களின் கணக்கை எழுதிக்கொண்டு வந்தார். பழுது பார்த்த பழைய மெஷின் 18,000 வெள்ளி, புதியது 26,000. நாலு வருட வரவைக் கூட்டி விலையைக் கழித்தால் பழையதில் 9,000 மிச்சம், புதியதில் 13,000. "அத்தான், புதுசு நாலாயிரம் கூட தருது, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

யோசிக்க வேண்டியது, அந்தப் பணம் எந்த வருடத்தில் கைக்கு வருகிறது என்பதைத்தான். பழையது முதல் நாளே வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு ஓடும். மூன்றாம் வருடம் மோட்டாருக்கும் பேரிங்குக்கும் 4,000 போகும் என்பதால் அந்த வருட வரவு 7,000த்திலிருந்து 3,000 ஆகிறது. புதியது பெரிய அரவை மெஷின், உணவகங்களின் ஆர்டரைப் பிடித்த பிறகே முழுதாக ஓடும். அதனால் முதல் வருடம் 5,000தான். நாலாம் வருட 14,000த்தில் மெஷினை விற்றுக் கிடைக்கும் 3,000மும் சேர்ந்திருக்கிறது.

இங்கே வரவு என்பது மின்சாரம், கூலி, ரிப்பேர் எல்லாம் போக மிஞ்சும் ரொக்கம். கடன் வட்டியை அதில் கழிக்கக் கூடாது. பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு விகிதத்திலேயே வட்டி அடங்கிவிடுகிறது, இரண்டு இடத்திலும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

விகிதம் 10 சதவீதம் என்று வைப்போம். அடுத்த வருடம் வரும் ஒரு வெள்ளியை 1.10ஆல் வகுத்தால் இன்று 0.9091. அதை மறுபடி 1.10ஆல் வகுத்தால் இரண்டாம் வருடத்துக்கு 0.8264. இப்படியே நாலு வருடத்துக்கும் போகலாம். அப்புறம் ஒவ்வொரு வருட வரவையும் அதன் எண்ணால் பெருக்க வேண்டும்.

| வருடம் | எண் | பழையது: வரவு → இன்று | புதியது: வரவு → இன்று |
|---|---|---|---|
| 1 | 0.9091 | 9,000 → 8,182 | 5,000 → 4,545 |
| 2 | 0.8264 | 8,000 → 6,612 | 9,000 → 7,438 |
| 3 | 0.7513 | 3,000 → 2,254 | 11,000 → 8,264 |
| 4 | 0.6830 | 7,000 → 4,781 | 14,000 → 9,562 |
| கூட்டல் | | 21,829 | 29,809 |
| விலை போக | | 3,829 | 3,809 |

நாலாயிரம் வெள்ளி முன்னிலை முழுக்கக் கரைந்து, பழையது 20 வெள்ளி முன்னே நிற்கிறது. புதியதின் பணம் பின்னாலேயே குவிந்திருப்பதுதான் காரணம். அதன் நாலாம் வருட 14,000த்தில் 4,400க்கு மேல் காத்திருப்பிலேயே போய்விடுகிறது.

மச்சான் இதை ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். வருட சராசரியை எடுத்து, நாலு எண்களின் கூட்டலான 3.1699ஆல் பெருக்கினார். புதியது 1,500 வெள்ளி முந்தியது. ஆனால் அந்தக் குறுக்குவழி ஒவ்வொரு வருடமும் ஒரே தொகை வந்தால் மட்டுமே செல்லும். மேடு பள்ளமான வரவில் சராசரி எடுத்தால், பின்னால் வரும் பணத்தை முன்னால் இழுத்து வைத்ததாக ஆகிவிடும். நாம் அளக்க வந்த வித்தியாசத்தையே அது அழித்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் விகிதத்தில் இருந்தது. மெஷினுக்குத் தவணை தர முன்வந்த இடத்தில் "வருடம் 5 சதவீதம், பிளாட்" என்றார்களாம். அந்த 5ஐ வைத்துக் கணக்குப் போட்டால் புதியது சுமார் 1,770 வெள்ளி ஜெயிக்கும். ஆனால் பிளாட் வட்டி, மாதாமாதம் அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை கணக்கிடப்படுகிறது. 10,000 வாங்கினால் நாலு வருடத்துக்கு வட்டி 2,000, மாதத் தவணை 250. அதைக் குறையும் அசலுக்கான வட்டியாக மாற்றினால் வருடத்துக்கு 9 சதவீதத்தைத் தாண்டும். 10க்குப் பக்கத்தில் வந்து நிற்கிற இந்த எண்தான் சரியானது.

விகிதம் 8 ஆனால் புதியது 650 வெள்ளி முந்துகிறது, 12 ஆனால் பழையது சுமார் 630 முந்துகிறது. சரி, 10ல் ஏறக்குறைய சமம் என்றால் எதை எடுப்பது?

நான் பழையதைத்தான் சொன்னேன். அதன் ரிப்பேர் ஒரு வருடம் முன்பே வந்துவிட்டாலும் நஷ்டம் 300 வெள்ளிதான் (4,000 × 0.0751). ரிப்பேர் செலவு 6,000 ஆனால் 1,500 போகும், அது வலிக்கும், ஆனாலும் லாபம் மிஞ்சும். புதியதிலோ நாலாம் வருடம் மெஷினை வாங்க ஆள் கிடைக்காவிட்டால் மட்டும் 2,049 போய்விடும். உணவக ஆர்டர் தள்ளிப்போனால் அதற்கு மேலும் போகும். பழையதை எடுத்தால் கையில் 8,000 வெள்ளி நிற்கும், தீபாவளிக்கு முன்பே மிளகாய் வாங்கி வைக்க அது போதும்.

மச்சான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழைய மெஷினின் பேரிங்கைக் கழற்றிக் காட்டச் சொல்லக் கிளம்பினார்.