உன்னீஸா, உன்தீஸா? கயா ஹோட்டல் அழைப்புகளில் மூன்று வருட மொழிபெயர்ப்பு அனுபவம்

கும்பகோணத்திலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை காசி, பிரயாகை, கயாவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறேன். பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். காசியில் அனுமான் காட் பக்கம் தமிழை வைத்தே காலம் தள்ளலாம். நகரத்தார் சத்திரத்திலும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். கயாவில் நான் தங்கவைக்கும் ஹோட்டல்களில் அந்தக் கதை நடக்காது. எனக்கு இந்தி ‘கித்னா’வோடு சரி. ஆன்லைனில் அறை போட்டுவிடலாம்தான். ஆனால் படி ஏற முடியாதவர்களுக்குக் கீழ்த்தளம், நள்ளிரவில் வந்து இறங்கும் ரயில், வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு இதையெல்லாம் பேசித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் 2022 கடைசியிலிருந்து தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். நிமிடக் கணக்கில் கட்டணம். நாம் கூப்பிட்டால் தமிழும் இந்தியும் தெரிந்த ஒருவர் வருவார், ஹோட்டலையும் அதே அழைப்பில் இணைப்பார், மூன்று பேரும் ஒரே லைனில் பேசுவோம்.

அவர்களுடைய மொழியறிவில் எனக்குக் குறை இல்லை. பிரச்சினை வருவதெல்லாம் எண்ணிலும் தேதியிலும்தான், அதுவும் பெரும்பாலும் லைன் சரியில்லாத நாளில்.

முதல் அடி 2023இல் விழுந்தது. “புதன்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்து இறங்குவோம்” என்றேன். நான் நினைத்தது, செவ்வாய் முடிந்து புதன் பிறந்தபின் வரும் ஒன்றரை மணி. ரயில் டிக்கெட்டில் அப்படித்தான் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் பிசகாமல் இந்தியில் சொன்னார், ஹோட்டல்காரர் புதன் ராத்திரிக்கு அறை எழுதிக்கொண்டார். நாங்கள் போய் நின்றபோது அவர் கணக்கில் எங்கள் வரவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. பதினோரு பேரும் வரவேற்பறை நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மொழிபெயர்ப்பில் தப்பே இல்லை, நான் சொன்ன தமிழே இரண்டு விதமாகப் புரியக்கூடியது. அன்றிலிருந்து ‘ராத்திரி ஒன்றரை’ என்று நான் சொல்வதில்லை. எந்தக் கிழமை ராத்திரி படுத்துத் தூங்க அறை வேண்டும் என்பதை முதலில் சொல்வேன், ரயில் வரும் நேரம் அதற்கப்புறம்தான்.

இந்தி எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இருபத்தொன்பது என்றால் இருபதும் ஒன்பதும் தனித்தனியாகக் காதில் விழும். ஒன்று நழுவினாலும் மற்றது நிற்கும். இந்தியில் நூறு வரைக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் தனி உருவம். பத்தொன்பது உன்னீஸ், இருபத்தொன்பது உன்தீஸ். பதினெட்டு அட்டாரஹ், இருபத்தெட்டு அட்டாயீஸ். இருபத்தொன்று இக்கீஸ், முப்பத்தொன்று இகத்தீஸ். நடுவில் ஓர் எழுத்தோ கடைசியில் ஒரு வாலோ போனால் பத்து நாள் தள்ளிப் போய்விடும். அதற்காகத் தமிழ் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. நாம் பேசும்போது ஐம்பது ‘அம்பது’, எண்பது ‘எம்பது’, ஒன்பது ‘ஒம்பது’. லைனில் முதல் எழுத்தைத் தின்றுவிட்டால் மூன்றும் ‘ம்பது’தான்.

லைன் மோசம் என்றால் இரைச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரைச்சல் கேட்டால் நாமே உஷாராகிவிடுவோம். செல்போன் குரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. ஒரு துண்டு வழியில் தொலைந்தால், அந்த இடத்தை வெற்றாக விடாமல் முந்தைய ஒலியை நீட்டி ஒப்பேற்றிவிடும். நம் காதுக்குச் சொல் முழுசாக வந்த மாதிரியே இருக்கும், ஆனால் வந்தது வேறு சொல். மூவர் அழைப்பில் குரல் இரண்டு லைனைக் கடந்து வருவதால் இந்த ஆபத்தும் இரட்டிப்பு. எதிரில் இருப்பவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தால் இன்னும் மோசம். இருவரும் சேர்ந்து பேசும் நொடியில் ஒருவர் குரலின் தொடக்கம் வெட்டுப்பட்டுவிடும்.

இப்படிப்பட்ட லைனில் அதே சொல்லை அதே மாதிரி இன்னொரு தடவை கத்திச் சொல்வதில் பெரிய பலன் இல்லை. நல்ல மொழிபெயர்ப்பாளரையும் சுமாரானவரையும் நான் பிரித்துப் பார்ப்பது இங்கேதான். சுமாரானவர் “உன்னீஸ், உன்னீஸ்” என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் “ஹான் ஜி” என்றதும் “சரியாம் சார்” என்பார். அந்த ‘ஹான் ஜி’க்கு எந்த மதிப்பும் கிடையாது. காதில் விழாவிட்டாலும் மரியாதைக்கு ‘ஹான் ஜி’ வரும்.

2025 அக்டோபரில் ஓர் அம்மா வாய்த்தார். அந்த அழைப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நவம்பர் 20, வியாழக்கிழமை அமாவாசை. அன்று கயாவில் பிண்டம் போட வேண்டும். ரயில் வந்து சேருவது 19, புதன் பிறந்தபின் 1:20க்கு. பதினான்கு பேருக்கு ஏழு அறை. செவ்வாய், புதன், வியாழன் என மூன்று ராத்திரி, 21 வெள்ளிக்கிழமை காலையில் காலி செய்துவிடுவோம்.

லைன் எடுத்த எடுப்பிலேயே விட்டு விட்டு வந்தது. அந்த அம்மா முதலில் என்னிடம், “சார், இப்போ நான் என் சார்பில அவர்கிட்ட பேசப் போறேன், ஸ்பீக்கரை நிறுத்திட்டு வாசல் பக்கம் வரச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் இந்திக்குப் போனார். இது சின்ன விஷயம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் யார் வாயாகப் பேசுகிறார் என்பது தெரியாவிட்டால், நடுவில் அவர்கள் இருவரும் இந்தியில் பேசிக்கொள்வதைக் கேட்டு நமக்கு வயிற்றைக் கலக்கும். ஹோட்டல்காரர் வாசலுக்கு வந்ததும் பாதிக் குறை தீர்ந்தது.

அப்புறம் தேதி. மங்கல்வார் அட்டாரஹ் முதல் சுக்ரவார் இக்கீஸ் வரை என்று கிழமையும் சேர்த்தே சொன்னார். அந்தப் பக்கம் வழக்கம்போல ஹான் ஜி. இவர் விடவில்லை. “பாய் சாப், நோட்டில் எழுதியதைக் கிழமையோடு நீங்கள் எனக்குப் படித்துக் காட்டுங்கள்” என்று கேட்டார். காலண்டரைப் புரட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அவர் படித்தது: அட்டாயீஸ், சுக்ரவார். அதாவது 28, வெள்ளி. கிழமை அவர் காதில் விழவே இல்லை, தேதியின் வாலும் மாறிப் போயிருக்கிறது. எண் மட்டும் கேட்டிருந்தால் ‘அட்டாயீஸ்’ எங்கள் காதில் ‘அட்டாரஹ்’ ஆகவே விழுந்திருக்கலாம். சுக்ரவாரையும் மங்கல்வாரையும் எந்த லைனிலும் குழப்ப முடியாது. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னார், அவருக்கும் உடனே பிடிபட்டது.

கிழமையிலும் ஒரு பொறி உண்டு. வியாழக்கிழமையைக் குருவார் என்பார்கள், பிருஹஸ்பதிவார் என்பார்கள், இன்னும் மேற்கே போனால் வீர்வார். மூன்றையும் அறிந்தவராக இருந்தால் நமக்கு நிம்மதி.

அடுத்து வாடகை. ஹோட்டல்காரர் ஓர் அறைக்கு ஒரு ராத்திரிக்குச் சொன்னது ‘டேட் ஹஸார்’ என்று ஒரு தடவை கேட்டது, ‘டாயி ஹஸார்’ என்று ஒரு தடவை கேட்டது. டேட் என்றால் ஒன்றரை, டாயி என்றால் இரண்டரை. (தேதி பேசி முடித்த கையோடு ‘டேட்’ என்று வந்ததும், மறுபடியும் தேதியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.) அந்த அம்மா டேட்டா டாயியா என்று கேட்கவில்லை. “பந்த்ரஹ் ஸௌவா, பச்சீஸ் ஸௌவா?” என்று கேட்டார். பதினைந்து நூறா, இருபத்தைந்து நூறா. சொல்லின் உருவமே மாறியதும் பதில் தெளிவாக வந்தது: பந்த்ரஹ் ஸௌ. வரி அதற்குள்ளேயே அடக்கம் என்பதையும் கேட்டு வாங்கினார்.

அதோடும் விடாமல் மொத்தம் எவ்வளவு என்று அவரையே கூட்டச் சொன்னார். ஏழு அறை, மூன்று ராத்திரி, 1,500 வீதம் 31,500 வர வேண்டும். தொகை 52,500 என்று வந்தால் அவர் மனதில் இருப்பது 2,500. 36,000 என்று வந்தால் எட்டு அறை எழுதியிருக்கிறார். 21,000 என்றால் ஒரு ராத்திரி விட்டுப்போயிருக்கிறது. அவர் சொன்னது ‘ஸாடே இகத்தீஸ் ஹஸார்’, அதாவது முப்பத்தொன்றரை ஆயிரம். அதில் இகத்தீஸ் இருக்கிறதே என்று, அந்த அம்மா ஒவ்வோர் எண்ணாகச் சொல்லச் சொன்னார்: தீன், ஏக், பாஞ்ச், ஜீரோ, ஜீரோ. ஒரே கேள்வியில் அறை, ராத்திரி, வாடகை மூன்றும் சரிபார்த்தாகிவிட்டது. இதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இப்போது யார் வந்தாலும் மொத்தத்தைக் கேட்கச் சொல்கிறேன்.

என் செல்போன் எண்ணுக்கு மட்டும் நான்கு நிமிடம் போனது. வடக்கே பலர் எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்து ‘அட்டானவே, சாலீஸ்’ என்று வாசிப்பார்கள். ஒரு பத்து இலக்க எண்ணில் ஐந்து இந்திப் பொறிகள். ஒற்றை ஒற்றையாகச் சொல்லச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

மொத்தம் 23 நிமிடம் ஆனது. நல்ல லைனில் எட்டு நிமிட வேலை. இந்தச் சேவையில் என் பெரிய குறை இதுதான்: லைன் அவர்கள் பக்கம் கெட்டிருந்தாலும் மீட்டர் ஓடும். தேதியைத் திரும்பச் சொல்லும்போது காசு போகிறதே என்று நாமே அவசரப்படுத்திவிடுகிறோம். ஒருமுறை புகார் சொன்னேன், மன்னிப்புக் கேட்டார்கள், காசு திரும்பவில்லை. இன்னொன்று, அதே ஆளைக் கேட்டு வாங்க முடியாது. அந்த அம்மா மறுபடி எனக்குக் கிடைக்கவே இல்லை. அதனால் ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் “எண்ணைச் சுருக்கிச் சொல்லாதீங்க, அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க, கடைசியில் அவரையே படிக்கச் சொல்லுங்க” என்று நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு முகம் சுண்டுவது குரலிலேயே தெரியும். பரவாயில்லை.

முன்பணம் அனுப்பும் எண்ணை மட்டும் அழைப்பில் வாங்குவதே இல்லை, எழுத்தில்தான். அன்றும் அழைப்பு முடிவதற்குள் ஹோட்டல்காரரை வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பச் சொன்னோம். வந்தது இவ்வளவுதான்:

```
18 Nov Tue - 21 Nov Fri, 7 room, 3 night, 31500
```

19ஆம் தேதி இரண்டு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். மேசையில் ஏழு சாவியும் தயாராக இருந்தன. ஐந்து கீழ்த்தளம், இரண்டு மாடி. கீழ்த்தளம் வேண்டும் என்று சொல்லியிருந்தோம், அவரும் ஹான் ஜி என்றிருந்தார். எத்தனை அறை கீழே என்று மட்டும் எண் போட்டுக் கேட்கவில்லை.