பேரத்துக்கு முன் குசலம்: ஒன்றரை நிமிடமா, பதினைந்தா, முந்தின நாளே ஒரு போனா?

அட்டைப்பெட்டி வாங்குவதற்காக ஒரே மாதத்தில் மூன்று சப்ளையர்களிடம் அடுத்தடுத்துப் பேச வேண்டியிருந்தது. மூவரும் எங்களுக்குப் புதியவர்கள். மூன்று இடத்திலும் முடிவு செய்ய வேண்டியவை ஒன்றேதான்: பெட்டியின் விலை, பில் வந்த எத்தனையாவது நாளில் பணம், ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு. மூன்றுமே 45 நிமிட வீடியோ கால்கள். ஆனால் விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் பேசிக்கொண்ட நேரம் மட்டும் மூன்றிலும் வேறு வேறாக அமைந்துவிட்டது. நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததல்ல. மூன்று பேரை வைத்து விதி எழுத முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் எது எதனால் நடந்தது என்பதை அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

எடுத்த எடுப்பிலேயே விஷயம்

முதல் சப்ளையரோடு ஒன்றரை நிமிடத்தில் ஆரம்பித்துவிட்டோம். வணக்கம், குரல் கேட்கிறதா, யார் யார் வந்திருக்கிறோம், அவ்வளவுதான். “உங்கள் கொட்டேஷனில் 6 சதவீதம் குறைக்க வேண்டும்” என்றேன். “2 சதவீதத்துக்கு மேல் முடியாது” என்றார் அவர். அடுத்த அரை மணி நேரம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலேயே கயிறு இழுத்தோம். 3.5 சதவீதத்தில் நின்றது. பணம் எப்போது, சரக்கு எவ்வளவு என்ற மற்ற இரண்டையும் கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாக ஒப்புக்கொண்டோம்.

ஏன் 2 சதவீதத்துக்கு மேல் முடியாது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவர் முதல் வாக்கியத்திலேயே விலையைக் குறை என்றால் யாரும் தன் செலவுக் கணக்கைத் திறந்து காட்ட மாட்டார்கள்.

நேரடியாக ஆரம்பிப்பது தவறு என்று சொல்லவில்லை. ஏற்கெனவே பழகியவரோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும், விலை ஒன்றைத் தவிர வேறெதுவும் பேச இல்லாதபோதும் நான் இன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன். விலை மட்டும்தான் விஷயம் என்றால் ஒருவருக்குக் கூடுவது மற்றவருக்குக் குறைவது. அங்கே ஒருவர் இன்னொருவரிடம் மனம் திறந்து சொல்வதால் கிடைப்பது அதிகமில்லை. பேச வேண்டியவை இரண்டு மூன்றாகும்போதுதான் ஒன்றை விட்டு ஒன்றைப் பெற இடம் பிறக்கிறது. அதற்கு எதிர்த்தரப்புக்கு எது முக்கியம், எது முக்கியமில்லை என்பது தெரிந்தாக வேண்டும்.

பதினைந்து நிமிடம்

இரண்டாவது சப்ளையர் நன்றாகப் பேசுகிறவர். எனக்கும் அது பிடித்தது. தொழிலில் எத்தனை வருடம், எந்த வேலையிலிருந்து இதற்கு வந்தீர்கள், குழுவில் எத்தனை பேர் என்று பேச்சு இனிமையாகப் போனது. நடுவில் எங்கேயோ, “இப்போது எங்கே வாங்குகிறீர்கள், அங்கே ஏதாவது சிரமமா?” என்று கேட்டார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. நானும் அதே தொனியில், “அவர்கள் மெஷின் பழுது, எங்களிடம் மூன்று வாரத்துக்குத்தான் பெட்டி இருக்கிறது” என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு விலைப் பேச்சு வந்தபோது அவர் அரை சதவீதம்கூட இறங்கவில்லை. ஏன் இறங்க வேண்டும்? எனக்கு அவசரம் என்பதை நானே சொல்லியிருந்தேன்.

சர்வதேச வணிகப் பேரங்களை ஆராய்ந்த ஜான் கிரஹாம், பேரத்தை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார். விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, விஷயம் பற்றிய தகவல் பரிமாற்றம், இணங்க வைப்பது, விட்டுக்கொடுத்து முடிப்பது. முதல் கட்டத்துக்கு அவர் வைத்த பெயரில் ‘ஆழம் பார்ப்பது’ என்ற பொருள் இருக்கிறது. மிகச் சரியான பெயர். குசலம் என்ற பெயரில் இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் ஆழம் பார்க்கிறார்கள்: இவர் சொன்ன சொல்லில் நிற்பவரா, முடிவெடுக்கும் அதிகாரம் இவரிடம் இருக்கிறதா, எவ்வளவு அவசரத்தில் இருக்கிறார். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நேரம் நீள நீள நாம் தளர்வாகிறோம், தளர்ந்த வாயிலிருந்துதான் தகவல் நழுவுகிறது.

எந்தக் கேள்வி குசலம், எது வாயைக் கிளறுவது என்று எப்படிப் பிரிப்பது? பதிலில் ஒரு தேதியோ, ஓர் அளவோ, ஒரு பெயரோ வந்தே தீரும் என்றால் அது குசலம் அல்ல. எப்போது திரும்பிப் போகிறீர்கள், எவ்வளவு ஸ்டாக் இருக்கிறது, இன்னும் யாரிடம் பேசுகிறீர்கள், கடைசியில் கையெழுத்து யாருடையது. இந்தக் கேள்விகளுக்கான பதிலை இப்போதெல்லாம் காலுக்கு முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன். பொய் சொல்ல வேண்டியதில்லை. “அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், நேரம் வரும்போது பேசலாம்” என்ற பதிலை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

முந்தின நாள் ஒரு போன்

மூன்றாவது சப்ளையரின் விற்பனை மேலாளர் முந்தின நாள் மாலை போன் செய்தார். கால் லிங்க் வந்துவிட்டதா என்று கேட்பதற்காக. பேச்சு எட்டு நிமிடம் நீண்டது. விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குரல் களைப்பாக இருக்கிறதே என்று நான் கேட்க, “காலையிலிருந்து மூன்று தடவை அச்சு மாற்றியாகிவிட்டது, மேடம். சின்னச் சின்ன ஆர்டர் வந்தால் மெஷின் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம்” என்றார். அலுப்பில் சொன்ன வார்த்தை அது. நான் அப்போது எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலில் இரண்டு நிமிடத்தில் விஷயத்துக்கு வந்தோம். நான் விலையை முதலில் எடுக்கவில்லை. “வாரா வாரம் எடுப்பதற்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து எடுத்தால் உங்களுக்கு எப்படி?” என்று கேட்டேன். எங்கள் கிடங்கில் இடம் இருந்தது. ஒரு தடவை அச்சு மாற்றுவதில் எவ்வளவு நேரம் போகிறது என்று அவரே விளக்கினார். 5 சதவீதம் குறைந்தது. பணத்துக்கு 30 நாள் என்று அவர் கேட்டிருந்தது 45 ஆனது. நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டோம். முதல் சப்ளையருக்கும் இதே அச்சு மாற்றும் தொல்லை இருந்திருக்கலாம். அது வெளியே வர அங்கே வழியே இருக்கவில்லை.

இந்த மூன்றாவது வழிக்கு ஆராய்ச்சியின் துணையும் உண்டு. இமெயில் வழியாக மட்டும் பேரம் பேசுகிறவர்களை வைத்து மைக்கேல் மோரிஸ், ஜானிஸ் நாட்லர் உள்ளிட்டோர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதி மாணவர்கள் பேரத்துக்கு முன் போனில் கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டார்கள், மற்றவர்கள் நேராக இமெயிலில் ஆரம்பித்தார்கள். பேசிக்கொண்ட ஜோடிகளிடையே நல்லுறவு கூடியது, பேரமும் நல்லபடியாக முடிந்தது. நாட்லர் பிறகு சட்ட மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலும், முன்கூட்டிப் பேசியவர்களிடையே பேச்சு முறிவது குறைவாகவே இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இமெயிலில் குரல் இல்லை. “இது எங்களால் முடியாது” என்ற வரியை, குரலைக் கேட்டிருந்தால் வருத்தமாகப் படிப்போம், கேட்காவிட்டால் திமிராகப் படிப்போம்.

அதற்காக, குரல் மெலிகிற இடத்தில்தான் இந்தப் பலன் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. நேரில் உட்கார்ந்து பேசும்போது முகமும் கையும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. அங்கே நீண்ட குசலத்துக்கு இவ்வளவு பலனை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு ஆய்வைப் பலரும் தவறாக எடுத்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2007இல் ஜாரெட் கர்ஹனும் அலெக்ஸ் பென்ட்லண்டும் வெளியிட்டது. பேரத்தின் முதல் 5 நிமிடத்தில் இருவரும் பேசும் விதத்தை அளந்தே, முடிவில் ஏற்படும் வேறுபாட்டில் சுமார் 30 சதவீதத்தை விளக்க முடிந்தது என்றார்கள். உடனே, “பார்த்தீர்களா, முதல் ஐந்து நிமிடக் குசலம்தான் எல்லாம்” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பேரத்தின் முதல் ஐந்து நிமிடத்தை. குசலத்துக்கென்று தனியாக ஒதுக்கிய நேரத்தை அல்ல. அளந்ததும் என்ன பேசினார்கள் என்பதையல்ல, யார் எவ்வளவு பேசினார், மாறி மாறிப் பேசினார்களா, குரல் எப்படி ஏறி இறங்கியது, ஒருவர் மற்றவரைப் போலவே எதிரொலித்தாரா என்பதைத்தான்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. 2015இல் வந்த ஓர் ஆய்வில், முன்கூட்டிக் குசலம் பேசிய ஆண்களைப் பற்றி எதிர்த்தரப்பு நல்லவிதமாக நினைத்தது. அதே பேச்சைப் பேசிய பெண்களுக்கு அந்தக் கூடுதல் மதிப்பு கிடைக்கவில்லை. பெண் என்றால் நன்றாகப் பழகுவாள் என்று முன்பே எதிர்பார்த்துவிடுகிறார்கள், அதனால் அது கணக்கில் ஏறுவதில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு பிடிக்க வேண்டும் என்பதற்காக நான் குசலத்தை நீட்டுவதில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டுமே பேசுகிறேன்.

எத்தனை நிமிடம்?

புதியவர், பேச வேண்டியவை பல, ஒப்பந்தம் நீண்ட காலத்துக்கு என்றால், முந்தின நாள் ஐந்து முதல் பத்து நிமிடம் ஒருவரோடு ஒருவராகப் பேசிவிட்டு, அன்றைக்கு இரண்டு நிமிடம். முன்கூட்டிப் பேச வழியில்லை என்றால் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 45 நிமிடத்தில் நாலு, ஐந்து. ஆறு பேர் இருக்கும் வீடியோ காலில் அதையும் செய்வதில்லை. ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் மற்ற நாலு பேர் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். லிங்கை ஐந்து நிமிடம் முன்னதாகத் திறந்து வைத்தால், சீக்கிரம் வருகிறவரோடு பேச்சு தானாக நடக்கும்.

போதும் என்பதற்கு அடையாளம் தெரிந்துவிடும். பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும், யாராவது காகிதத்தைத் திருப்புவார்கள், திரையில் கண் வேறு பக்கம் போகும். கூட்டத்தைக் கூட்டியவர்தான் பேச்சை விஷயத்துக்குத் திருப்ப வேண்டும், அதையே மற்றவர் முந்திக்கொண்டு செய்தால் அவசரம் தெரியும். விலைக்கு நேராகத் தாவாமல், நேரத்தையும் விஷயங்களையும் சொல்லித் திருப்புவது எனக்கு நன்றாக வருகிறது: “நமக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. மூன்று விஷயம் பேச வேண்டும். எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்?” அவர் எதை முதலில் எடுக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். பெரும்பாலும் அதுதான் அவருக்கு வலிக்கிற இடம்.