கையில்லாத பிளவுஸ் கேட்ட தங்கச்சியும் ஏஐ எடிட்டிங்கும்: மூன்று வருஷ அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படத்தில் ஒரு இடத்தை வளைத்துக் காட்டி, வேண்டியதை எழுதினால் நிரப்பித் தருகிற ஏஐ எடிட்டிங்கை மூன்று வருஷமாகப் பாவிக்கிறேன். கலியாண ஆல்பம் வேலையில் பாதி இப்போது அதில்தான் போகிறது.

போன வருஷம் ஒரு தங்கச்சி தன் வரவேற்புப் படங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த பிளவுஸ்ட கையை எடுத்து, முதுகையும் கொஞ்சம் இறக்கி விடுங்க, நான் தைக்கச் சொன்னது அப்படித்தான்" என்றார். அவருடைய படம், அவரே கேட்கிறார். எழுதிக் கொடுத்தேன், மறுத்தது. சொல்லை மாற்றினேன், திரும்பவும் மறுத்தது. எனக்கு எரிச்சல்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பொடியன் போனில் ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டி, ஷாலை மட்டும் எடுத்துக் கழுத்தை இறக்கித் தரச் சொன்னான். யாரென்று கேட்டால் "தெரிஞ்ச பிள்ளை". செய்ய மாட்டேன் என்று அவனை அனுப்பிவிட்டேன். அன்றைக்குத்தான் விளங்கியது. நான் ஆளைப் பார்க்கிறேன், டூலுக்குத் தெரிவது ஒரு படமும் ஒரு வரியும் மட்டும்தான், அதற்கு அந்தத் தங்கச்சியும் இந்தப் பொடியனும் ஒன்றே.

இன்னொன்றும் உண்டு. துணிக்குக் கீழே இருப்பதைக் கமரா பிடிக்கவே இல்லை. டூல் அங்கே வரைவது, பழகிய எத்தனையோ படங்களிலிருந்து ஊகித்த ஒரு உடம்பு. ஆனால் மேலே இருப்பது அவருடைய முகம், பார்க்கிறவன் எல்லாம் அவருடைய உடம்பு என்றே நம்புவான். வாட்ஸ்அப்பில் ஒரு தரம் போனால் அது பொய் என்று யாரிடம் போய் நிரூபிப்பது? அந்தத் தங்கச்சியைச் சரியான பிளவுஸோடு வரச்சொல்லி அரை மணித்தியாலத்தில் புதிதாக எடுத்துக் கொடுத்தேன்.

உடம்பை மூடுகிற வேலைகளும் உடம்பைத் தொடாத வேலைகளும் சிக்கலில்லாமல் நடக்கின்றன. பனியனோடு இருந்த அப்பப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பதாகைக்காக வெள்ளைச் சட்டை போட்டேன், பிள்ளைகள் கேட்டபடி. கை நீட்டுவது, கழுத்தை மூடுவது, சேலையின் நிறம், கசங்கல், பின்னணி, பழைய படத்தின் கிழிசல், அதே அளவு மூடும் வேறு உடுப்பு, எல்லாம் செய்து தருகிறது.

சில நேரம் தவறாகவும் மறுக்கும். மாமாங்கக் கோயில் தீர்த்தப் படமொன்றில் வெறும் மேலோடு நின்ற ஐயாவுக்குப் பின்னால் ஓடிய கரண்ட் வயரை எடுக்கவே விடவில்லை, ஏனென்றால் நான் வளைத்த இடத்துக்குள் அவருடைய தோளும் நெஞ்சும் சேர்ந்திருந்தன. வயரை மட்டும் ஒடுக்கமாக வளைத்தேன், போய்விட்டது. தோளோடு ஒட்டிக் கிடந்த வயர்த் துண்டை குளோன் ஸ்டாம்பால் கையாலேயே எடுத்தேன். பிளவுஸுக்கு வெளியே தெரிகிற உள்ளுடுப்புப் பட்டிக்கும் இப்போது அப்படித்தான் செய்கிறேன், பக்கத்தில் இருக்கிற துணியையே எடுத்து மூடினால் போதும்.