யென் கடன், டாலர் முதலீடு: திறந்து விடுவதா, முன்பேரம் போடுவதா?

0.5% வட்டிக்கு 1.5 கோடி யென் கடன் வாங்கி, டாலருக்கு 150 என்ற விலையில் மாற்றி, கிடைத்த 1,00,000 டாலரை 5% வட்டிக்குப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் கையில் 1,05,000 டாலர். கடனோ 1,50,75,000 யென். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 143.57. அதுதான் சமநிலை விலை. அதாவது டாலர் சுமார் 4.3% வரை சரிந்தாலும் நஷ்டமில்லை.

டாலரின் எதிர்கால விலைக்குப் பாதுகாப்பு எதுவும் தேடாமல் அப்படியே திறந்து விட்டால், விலை 150-லேயே நின்றால் 6,75,000 யென் லாபம். 135-க்கு இறங்கினால் 9,00,000 யென் நஷ்டம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் 161-ஐத் தாண்டியிருந்த டாலர், ஆகஸ்ட் 5 அன்று 142 அருகே வந்துவிட்டது. ஓராண்டு வட்டி தரும் மெத்தையை ஒரு மாதமே தின்றுவிட்டது. கடனில் பெருக்கிய முதலீடென்றால் அடி இன்னும் பலம்.

சரி, ஓராண்டு கழித்து டாலரை விற்கும் விலையை இன்றே பேசி முடித்து முன்பேரம் போட்டால்? சந்தை தரும் ஓராண்டு முன்பேர விலையே ஏறத்தாழ 143.57தான். ஆபத்து போகும், லாபமும் கூடவே போகும். கட்டணம் கழித்தால் மிச்சம் பெரும்பாலும் எதிர்மறைதான். அதனால் முழுத்தொகைக்கும் முன்பேரம் போடுபவர் இந்த வியாபாரத்தில் இறங்காமலே இருக்கலாம் என்பது என் கருத்து.